பாமசி டிலிவரி நேரம்: மருத்துவப் பேச்சு இல்லாமல் ஒரு கப்ஷன் எழுத வேண்டும்

மனையாவெளிப் பையன் (தொடக்கப் பதிவு)

வணக்கம். மாமா திருகோணமலை டவுனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பாமசி நடத்துகிறார். அடுத்த மாதம் 1 ஆம் திகதியிலிருந்து வீட்டுக்கு டிலிவரி தொடங்குகிறோம். பேஸ்புக் பக்கத்தையும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் நான்தான் பார்க்கிறேன். ஒரு படமும் கீழே ஒரு கப்ஷனும் போட வேண்டும். மாமாவின் ஒரே நிபந்தனை, "மருந்து இதைச் சுகப்படுத்தும், அதைக் குறைக்கும் என்று ஒரு சொல்லும் வரக்கூடாது. நேரம் மட்டும் சொல்லு" என்பது.

நான் எழுதியது இது:

"ஆரோக்கியம் இனி உங்கள் வாசலில்! பிரஷர், சுகர், காய்ச்சல் எதுவானாலும் கவலை வேண்டாம். தரமான மருந்துகள், விரைவான நிவாரணம். காலை 9 முதல் இரவு 8 வரை ஹோம் டிலிவரி. திருகோணமலை எங்கும். இப்போதே அழையுங்கள்!"

மாமா வாசித்துவிட்டு நேர வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். வெட்டியது சரிதானா, மிச்சமிருக்கும் ஒரு வரியை வைத்து என்ன எழுதுவது என்று சொல்லுங்கள்.

---

பதாகைக் கடை

தம்பி, நான் பதாகை, நோட்டீஸ் அடிக்கிறவன். மாமா கொஞ்சம் கூடுதலாகப் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். நோயின் பெயரை எடுத்தால் போதும். பிரஷர், சுகர், காய்ச்சல் மூன்றையும் தூக்கிவிடு. "ஆரோக்கியம் உங்கள் வாசலில்" என்பது வெறும் தலைப்பு, அதை யாரும் பிடிக்க மாட்டார்கள். அது இல்லாவிட்டால் சனம் நின்று பார்க்காது.

இன்னொன்று, நேரத்தைப் படத்திலேயே பெரிய எழுத்தில் போடு. கீழே கப்ஷனை யாரும் வாசிப்பதில்லை. நம்பரும் படத்திலேயே இருக்கட்டும்.

---

கோணமலைக் காற்று

அப்போ இரவு 8 மணிக்குப் பிறகு டவுனில் எந்த பாமசி திறந்திருக்கும்? பிள்ளைக்கு இருமல், யாராவது நம்பர் தாருங்கள்.

---

மனையாவெளிப் பையன்

அண்ணா, இது எங்கள் கடைக் கப்ஷனைப் பற்றிய இழை. அவசரமென்றால் பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே எந்த நேரமும் வைத்தியர் இருப்பார்.

---

உவர்மலை மருந்தாளர்

நான் பல வருடங்கள் பாமசியில் நின்றவள், இப்போது ஓய்வு. தம்பி, உன் மாமா வெட்டியது சரி. ஆனால் அவர் மிச்சம் வைத்த அந்த ஒரு வரியும் சரியில்லை. முதலில் வெட்டியதைப் பார்ப்போம், பிறகு அந்த வரிக்கு வருகிறேன்.

பதாகைக் கடைத் தம்பி சொன்னதில் பாதி சரி. நோயின் பெயரை எடுக்க வேண்டும். ஆனால் பெயரை எடுத்த பிறகும் "விரைவான நிவாரணம்" நிற்கிறதே. நிவாரணம் கடை கொடுப்பதல்ல. கடை கொடுப்பது ஒரு பொதி. வாசிக்கிற ஆள் பொதி வந்தவுடன் வருத்தம் போகும் என்று எடுத்துக்கொள்வார். "ஆரோக்கியம் உங்கள் வாசலில்" என்பதும் அதையேதான் மெதுவாகச் சொல்கிறது. "தரமான மருந்துகள்" என்றால் என்ன சொல்ல வருகிறாய்? பதிவு செய்யப்பட்ட மருந்தைத்தான் எல்லா பாமசியும் விற்க வேண்டும். அதைத் தனியே சொன்னால் பக்கத்துக் கடையில் தரமில்லை என்று வருகிறது.

நான் பழகிய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வசனத்தையும் எடுத்து, பொதிக்குள் மருந்துக்குப் பதில் ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் இந்த வசனம் நிற்குமா என்று பார். "மாலை 6.30 இலிருந்து 8 மணிக்குள் வரும்" என்பது நிற்கும். "உங்கள் வீதிக்கு வருவோம்" என்பதும் நிற்கும். "நிவாரணம்" நிற்காது, "ஆரோக்கியம்" நிற்காது, "கவலை வேண்டாம்" என்பதும் நிற்காது. நிற்காததெல்லாம் மருந்தைப் பற்றிய பேச்சு.

சட்டப் பக்கமும் இருக்கிறது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை வந்த பிறகு, மருந்தைப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வது அவர்களுடைய கட்டுப்பாட்டில் இருக்கிற விஷயம். கடை திறக்கும் நேரத்தையும் டிலிவரி நேரத்தையும் சொல்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை நீ கப்ஷனில் தாண்டாமல் இருந்தால் சரி. மருந்துப் பெட்டியின் படத்தையும் போடாதே. பிராண்ட் பெயர் தெரிகிற ஒரு மாத்திரை அட்டை படத்தில் இருந்தால், கப்ஷன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பதிவு அந்த மருந்துக்கு விளம்பரமாகிவிடும்.

---

பதாகைக் கடை

அக்கா, அப்போ படத்தில் என்னதான் போடுவது? பாமசி என்றால் மாத்திரை, பச்சைச் சிலுவை, ஸ்டெதஸ்கோப் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

---

உவர்மலை மருந்தாளர்

கடையின் முன்பக்கம், அல்லது டிலிவரி மோட்டார்சைக்கிளும் மூடிய ஒரு பையும். ஸ்டெதஸ்கோப் வைத்தியருடையது. பாமசிக்கு அது எதற்கு?

---

சாம்பல்தீவு மகள்

எனக்கு இதில் ஒரு அனுபவம் இருக்கிறது, சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அம்மா இன்சுலின் போடுகிறவ. போன வருடம் வேறொரு கடையில் ஓடர் பண்ணினோம். காலை 10 மணிக்குச் சொன்னது, பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகுதான் வந்தது. கொண்டு வந்த பிள்ளை அதைச் சாதாரண ஷொப்பிங் பையில் மோட்டார்சைக்கிள் கொளுக்கியில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். குப்பி சுட்டது. போடலாமா விடலாமா என்று கேட்க யாரும் போன் எடுக்கவில்லை. அவர்களுடைய பக்கத்தில் "காலை 8 முதல் இரவு 9 வரை டிலிவரி" என்றுதான் இருந்தது. ஆகவே உங்கள் கப்ஷனில் "இன்சுலின் குளிரூட்டிக் கொண்டுவரப்படும்" என்று கட்டாயம் போடுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் முக்கியம்.

---

உவர்மலை மருந்தாளர்

தங்கச்சி, நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயம் கலந்து இருக்கிறது. இரண்டும் பெரிய விஷயம்.

முதலாவது குளிர். திறக்காத இன்சுலின் 2 இலிருந்து 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அதற்கு ஐஸ் பொதி வைத்த மூடிய பெட்டி வேண்டும், குப்பி ஐஸில் நேராகப் படவும் கூடாது, உறைந்தால் அது பழுது. இதைக் கடை கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் பொதுக் கப்ஷனில் இன்சுலின் என்று பெயர் போட்டால் அது ஒரு மருந்தின் பெயர் சொல்லி அழைப்பதாகிவிடும். "குளிரில் வைக்க வேண்டிய பொருட்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்" என்ற அளவில் ஒரு வரி போடலாம். மிச்சத்தை ஓடர் கொடுக்கும்போது வட்ஸ்அப்பில் பேச வேண்டும். உங்கள் அம்மாவுக்குத் தேவையானது கப்ஷனில் ஒரு வாக்குறுதி அல்ல, போன் எடுக்கிற ஒரு மருந்தாளர்.

இரண்டாவது நேரம். தம்பி, உன் மாமா மிச்சம் வைத்த வரியைப் பற்றி நான் சொல்ல வந்தது இதைத்தான். "காலை 9 முதல் இரவு 8 வரை டிலிவரி" என்று எழுதினால் வாசிக்கிறவருக்கு 9 மணிக்கு அழைத்தால் 9.30க்கு வரும் என்றுதான் படும். 7.55க்கு அழைத்தாலும் வரும் என்று படும். தங்கச்சி வீட்டில் நடந்ததும் அதுவேதான். அந்தக் கடை பொய் சொல்லவில்லை, 3 மணி 8க்கும் 9க்கும் இடையில்தானே இருக்கிறது. ஆனால் காத்திருந்தவருக்கு அந்த வரி எந்த உதவியும் செய்யவில்லை.

பாமசி டிலிவரியில் மூன்று நேரம் இருக்கிறது. டொக்டர் எழுதிய துண்டு வந்து சேர வேண்டிய நேரம், மருந்தாளர் அதைப் பார்த்து எடுத்து வைக்கிற நேரம், மோட்டார்சைக்கிள் வீதியில் இருக்கிற நேரம். கப்ஷனில் முதலாவதும் மூன்றாவதும் இருக்க வேண்டும். நடுவில் உள்ளதற்கு இடைவெளி விட வேண்டும். சாப்பாட்டுக் கடைக்கு அந்த நடு நேரம் சமையல். பாமசிக்கு அது மருந்தாளரின் கண். அவர் கடையில் இல்லாத நேரத்தில் துண்டுக்குரிய மருந்தை யாரும் எடுத்துக் கொடுக்கக்கூடாது. ஆகவே டிலிவரி நேரத்தை மோட்டார்சைக்கிள் பையனின் வசதியில் தொடங்காதே, மருந்தாளரின் வசதியில் தொடங்கு.

உங்கள் மருந்தாளர் எப்போது கடையில் இருப்பார்? சாப்பிட எப்போது போவார்?

---

மனையாவெளிப் பையன்

காலை 8.30க்கு வருவார். பகல் 1 மணியிலிருந்து 2 மணி வரை சாப்பாடு. பிறகு இரவு 9 வரை, கடை பூட்டும்வரை. ஒரு மோட்டார்சைக்கிள், ஓட்டுகிறவர் ஒருவர்தான். மாமாவின் யோசனை, பகல் 12 இலிருந்து 1.30 வரை ஒரு சுற்று, மாலை 6.30 இலிருந்து 8 வரை ஒரு சுற்று. பகல் சுற்றுக்கு 11 மணிக்கு முன் ஓடர் வர வேண்டும். ஒரு சிக்கல், ஓட்டுகிற அண்ணா வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போவார். அதற்கு வெள்ளிக்கு மட்டும் வேறு நேரம் போட வேண்டும். அப்போ கப்ஷன் நீளும்.

---

கிளினிக் வரிசை

நான் மாதா மாதம் அப்பாவை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறவன். இந்த 11 மணி எங்களுக்குச் சரிவராது.

காலை ஆறு ஆறரைக்கே நம்பர் எடுக்கப் போவோம். டொக்டர் பார்த்து, மருந்து வரிசையில் நின்று, உள்ளே இல்லாத மருந்தை "வெளியில் வாங்குங்கள்" என்று ஒரு துண்டு எழுதித் தரும்போது பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். வீட்டுக்கு வந்து அப்பாவை இருத்திவிட்டுத்தான் அந்தத் துண்டை யாருக்காவது அனுப்ப முடியும். வயதான ஆளோடு திரும்பவும் டவுனுக்குப் போய் வர முடியாதவர்கள்தான் டிலிவரி கேட்பார்கள். அவர்களுடைய துண்டு உங்களுக்கு 12 இலிருந்து 1 மணிக்குள்தான் வரும். 11 மணியோடு பூட்டினால் அவை எல்லாம் மாலைச் சுற்றுக்குப் போய்விடும், பகல் சுற்றில் மோட்டார்சைக்கிள் அரைவாசி வெறுமையாக ஓடும்.

---

உவர்மலை மருந்தாளர்

இது நான் யோசிக்காத பக்கம், நல்ல விஷயம் சொன்னீர்கள். கடைக்குள் நின்றவளுக்குத் துண்டு கையில் வரும் நேரம்தான் தெரியும், அது எங்கிருந்து புறப்பட்டது என்பது வரிசையில் நின்றவருக்குத்தான் தெரியும்.

அப்போ தம்பி, இப்படிச் செய். பகல் சுற்றின் கடைசி ஓடர் நேரம் 1 மணி. மருந்தாளர் 2 மணிக்குச் சாப்பிட்டு வந்து அரை மணித்தியாலம் பார்த்து எடுத்து வைக்கட்டும். மோட்டார்சைக்கிள் 2.30க்குப் புறப்பட்டு 4 மணிக்குள் முடிக்கட்டும். ஜும்மா அதற்குள் முடிந்துவிடும். வெள்ளிக்குத் தனி நேரம் தேவையில்லை, கப்ஷனில் ஒரு வரி மிச்சம்.

மாலைச் சுற்றுக்குக் கடைசி ஓடர் 5.30. ஒரு மணித்தியாலம் நடுவில் இருக்கிறது. அது கூடுதல் இல்லை. வருகிற துண்டுப் படங்களில் பாதிக்கு அடிப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கும், திகதியும் டொக்டரின் சீலும் தெரியாது. திருப்பி எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். எழுத்து விளங்காவிட்டால் டொக்டருக்கு அழைத்துக் கேட்க வேண்டும். ஊகித்து எடுத்துக் கொடுக்கிற வேலையே இல்லை.

---

நிலாவெளி வீதி

நான் டிலிவரி ஓட்டுகிறவன், பாமசி அல்ல, மற்றப் பொருட்கள். "திருகோணமலை எங்கும்" என்பதைத் தயவுசெய்து எடுங்கள். மாவட்டம் முழுக்கத் திருகோணமலைதான். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் அழைப்பார்கள், அவர்கள் கேட்பதும் நியாயம். கப்ஷன் அப்படித்தானே சொல்கிறது. நிலாவெளிக்கு ஒரு பொதி எடுத்துக்கொண்டு போய் வந்தால் ஒன்றரை மணிச் சுற்றில் முக்கால்வாசி அதிலேயே போய்விடும், மற்ற வீடுகள் எல்லாம் பிந்தும்.

இடத்தின் பெயரைப் போடுங்கள், எல்லையையும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றாகப் போடுங்கள். கிலோமீட்டர் போட்டால் பிரச்சினை, வீட்டிலிருந்து அளக்கிறார்களா கடையிலிருந்து அளக்கிறார்களா, வீதியாலா நேராகவா என்று போனில் வாதம் வரும். "நிலாவெளி வீதியில் சாம்பல்தீவுப் பாலம் வரை" என்றால் வாதமே இல்லை. மற்றப் பக்கம் உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம் என்று பெயர் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, திருவிழாக் காலம். பத்திரகாளி அம்மன் கோயில் தேர், கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் டவுன் வீதிகள் மறிப்பார்கள். அந்த நாட்களில் மாலைச் சுற்று சொன்ன நேரத்துக்கு நடக்காது. அதை இந்தக் கப்ஷனில் போட வேண்டாம், அந்த வாரம் தனியாக ஒரு பதிவு போடுங்கள்.

---

மனையாவெளிப் பையன்

நன்றி அண்ணா. சாம்பல்தீவு அக்கா வீடு பாலத்துக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, அவருக்கு வராமல் போனால் மனது கேட்காது.

---

சாம்பல்தீவு மகள்

அந்தப் பக்கம்தான் தம்பி. பரவாயில்லை, இல்லை என்று முதலிலேயே தெரிந்தால் நான் வேறு வழி பார்ப்பேன். ஐந்து மணித்தியாலம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதை விட அது எவ்வளவோ மேல்.

---

பதாகைக் கடை

சரி, நேரமும் இடமும் விளங்குகிறது. ஆனால் இவ்வளவையும் கப்ஷனில் எழுதினால் பேஸ்புக்கில் முதல் சில வரிகளோடு மடங்கிவிடும், "மேலும் பார்க்க" என்று வரும். அதனால்தான் நான் படத்தில் போடச் சொன்னேன்.

---

உவர்மலை மருந்தாளர்

மடங்கும் என்பது உண்மை. ஆகவே நேரத்தை முதல் வரிகளில் வை. "அன்பான வாடிக்கையாளர்களே, உங்கள் நலன் கருதி" என்று தொடங்கினால் மடங்கலுக்கு மேலே நிற்பது வணக்கம் மட்டும்தான், நேரம் ஒளிந்துவிடும். படத்திலும் நேரத்தைப் போடு, தவறில்லை. ஆனால் போன் நம்பர் எழுத்தாகக் கப்ஷனில் இருக்கத்தான் வேண்டும். படத்தில் இருக்கிற நம்பரை விரலால் தட்டி அழைக்க முடியாது. கண் குறைந்தவர் அதைக் கடதாசியில் எழுதி, பிறகு போனில் அடிக்க வேண்டும். டிலிவரி கேட்கிறவர்களில் அப்படிப்பட்டவர்கள்தான் கூட.

படத்தைப் பற்றி இன்னொரு கவலையும் இருக்கிறது. படம் ஸ்கிரீன்ஷொட்டாக வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். நீ பக்கத்தில் நேரத்தை மாற்றினாலும் அந்தப் படம் மாறாது. நோன்பு மாதத்துக்கு என்று மாற்றிப் போட்ட நேரத்தைப் பார்த்துவிட்டு மாதங்கள் கழித்தும் ஆட்கள் அழைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே படத்திலும் கப்ஷனிலும் எந்தத் திகதியிலிருந்து என்று இருக்க வேண்டும். குறுகிய காலத்துக்கான நேரம் என்றால் எந்தத் திகதி வரை என்றும் போடு.

கப்ஷன் போட்ட அன்றே வட்ஸ்அப் பிஸ்னஸில் உள்ள வேலை நேரத்தையும், கூகுள் மெப்பில் உள்ளதையும், கதவில் ஒட்டியிருக்கும் பலகையையும் ஒன்றாக்கு. ஓடர் நேரம் முடிந்த பிறகு வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படி வைக்கலாம். "5.30க்குப் பின் வந்த ஓடர் நாளை பகல் வரும்" என்று அது சொன்னால் போதும்.

---

கிளினிக் வரிசை

ஒரு கேள்வி. மாலை 6 மணிக்குப் பிறகுதான் பெரும்பாலான டொக்டர்மார் பிரைவேட்டாகப் பார்க்கிறார்கள். அங்கே தரும் துண்டு 7 மணிக்குக் கையில் வரும். அன்று இரவே தொடங்கச் சொன்ன மருந்து என்றால் "நாளை பகல்" என்பது சரிவருமா?

---

உவர்மலை மருந்தாளர்

சரிவராது. அதனால்தான் கப்ஷனில் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதும் இருக்க வேண்டும். "5.30க்குப் பின் வரும் ஓடர் அடுத்த நாள். இன்றே வேண்டுமானால் கடை இரவு 9 மணி வரை திறந்திருக்கும்." எது தாமதிக்கக்கூடிய மருந்து, எது கூடாது என்று கப்ஷன் சொல்லக்கூடாது. அது டொக்டரும் மருந்தாளரும் அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டியது. கப்ஷன் நேரத்தைச் சரியாகச் சொன்னால் அவர் தானே முடிவெடுப்பார், அல்லது அழைத்துக் கேட்பார்.

---

மனையாவெளிப் பையன்

எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். நம்பரை இங்கே போடவில்லை. பாருங்கள்:

"வீட்டுக்கு டிலிவரி, ஜூன் 1 முதல், திங்கள் – சனி

பகல் 1 மணிக்கு முன் ஓடர் தந்தால் அன்று பிற்பகல் 2.30 – 4.00க்குள் வரும்.
மாலை 5.30க்கு முன் ஓடர் தந்தால் அன்று 6.30 – 8.00க்குள் வரும்.
5.30க்குப் பின் வரும் ஓடர் அடுத்த டிலிவரி நாள் பகல் வரும். அன்றே வேண்டுமானால் கடை இரவு 9 வரை திறந்திருக்கும்.
ஞாயிறு, போயா நாட்களில் டிலிவரி இல்லை.

இடங்கள்: டவுன், உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம், நிலாவெளி வீதியில் சாம்பல்தீவுப் பாலம் வரை.

அழைக்க, வட்ஸ்அப் செய்ய: (நம்பர்)
துண்டின் முழுப் பக்கமும் தெரியப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புங்கள். கொமெண்டில் போட வேண்டாம். பொதி வாங்கும்போது துண்டைக் கையில் வைத்திருங்கள்.
குளிரில் வைக்க வேண்டிய பொருள் என்றால் ஓடர் தரும்போதே சொல்லுங்கள்."

கொமெண்ட் வரி நான் சேர்த்தது. போன மாதம் ஒரு ஐயா எங்கள் பக்கத்தில் தன்னுடைய துண்டையே கொமெண்டில் போட்டு "இது இருக்கா" என்று கேட்டிருந்தார். பெயர், வயது, வருத்தம் எல்லாம் ஊருக்கே தெரிகிறது. நான் உடனே மறைத்துவிட்டு அவருக்கு அழைத்துச் சொன்னேன்.

---

உவர்மலை மருந்தாளர்

அந்த வரி கட்டாயம் வேண்டும். கொமெண்டில் யாராவது "இந்த மாத்திரை இருக்கா, எவ்வளவு, இது எதற்கு" என்று கேட்டால் அங்கேயே பதில் எழுதாதே. "அழையுங்கள், மருந்தாளர் பேசுவார்" என்று மட்டும் எழுது. கப்ஷனில் காத்த கோடு கொமெண்டில்தான் வழக்கமாக உடையும்.

ஒரு திருத்தம். "ஓடர் தந்தால் வரும்" என்றால் எல்லா மருந்தும் இருக்கும் என்று படுகிறது. "உறுதிசெய்த ஓடர்" என்று போடு. துண்டு அனுப்பியவருக்கு நீங்கள் "இருக்கிறது, இவ்வளவு" என்று பதில் போட்ட பிறகுதான் அது ஓடர்.

---

பதாகைக் கடை

நான் இதைப் பூஸ்ட் பண்ணச் சொல்வேன், காசு கொடுத்து. டவுனைச் சுற்றி மட்டும் காட்டலாம். முதல் கப்ஷனில் "உங்களுக்குச் சுகரா" என்கிற மாதிரி இருந்திருந்தால் பேஸ்புக்கே திருப்பி அனுப்பியிருக்கும். ஆளின் வருத்தத்தைச் சுட்டிப் பேசுகிற விளம்பரத்தை அவர்கள் விடுவதில்லை, என் வாடிக்கையாளர் ஒருவருக்கு அப்படி நடந்தது. இந்தக் கப்ஷனில் அப்படி எதுவும் இல்லை.

---

உவர்மலை மருந்தாளர்

பூஸ்ட் பண்ணுவதானால் மருந்து விற்பனைக்கு அவர்களிடம் தனி விதிகள் இருக்கின்றன, முதலில் அதை வாசியுங்கள். என் எண்ணத்தில் இந்தக் கடைக்குப் பூஸ்டே தேவையில்லை. பக்கத்தில் மேலே பின் பண்ணி வைத்து, கடைக்கு வருகிறவர்களின் பையில் அதே சொற்களோடு ஒரு சின்னத் துண்டுப் பிரசுரம் போட்டால் போதும்.

---

சாம்பல்தீவு மகள்

ஒன்று கேட்கலாமா? கடைசியில் "அவசரத்துக்கு 1990" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? மாலை 8க்குப் பிறகு நெஞ்சு நோவு என்று யாராவது பாமசிக்குச் செய்தி போட்டுவிட்டுக் காத்திருந்தால்?

---

உவர்மலை மருந்தாளர்

நான் சேர்க்கச் சொல்வேன். 1990 இலவச அம்புலன்ஸ், எந்த மருந்தையும் பற்றிய பேச்சு அதில் இல்லை. டிலிவரி அவசர சேவை அல்ல என்பதையும் அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

---

மனையாவெளிப் பையன்

மாமாவிடம் கேட்டேன் அக்கா. அவருக்கு விருப்பமில்லை. கடை நேரம் சொல்கிற இடத்தில் அம்புலன்ஸ் நம்பர் இருந்தால் நாங்களும் அவசர சேவையில் ஒரு பகுதி என்று சனம் நினைக்கும் என்கிறார். தானாகப் போகிற வட்ஸ்அப் பதிலில் போடலாம், இரவில் செய்தி அனுப்புகிறவர் பார்ப்பது அதைத்தானே என்கிறார்.

---

சாம்பல்தீவு மகள்

வட்ஸ்அப் பார்க்கத் தெரியாமல் நேரே அழைக்கிறவர்கள்?

---

மனையாவெளிப் பையன்

அதையும் அவரிடம் சொல்கிறேன். 1 ஆம் திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. "உறுதிசெய்த" என்பதைச் சேர்த்துவிட்டேன். டிலிவரிக் கட்டணத்தையும் கப்ஷனில் போடுவதா, ஓடர் உறுதிசெய்யும்போது சொல்வதா என்று கேட்கிறார் மாமா. பெற்றோல் விலை மாறினால் படமும் மாற்ற வேண்டி வரும்.

---

நிலாவெளி வீதி

கப்ஷனில் போடுங்கள், படத்தில் போடாதீர்கள். வாசலில் நின்று காசைப் பற்றிக் கதைப்பது ஓட்டுகிறவன்தான். வீட்டுக்காரருக்கு முதலே தெரியாவிட்டால் ஒவ்வொரு வாசலிலும் ஐந்து நிமிடம் போகும், கடைசி வீட்டுக்கு 8 மணிக்குள் போக முடியாது.

---

உவர்மலை மருந்தாளர்

எனக்கு அதில் இரண்டு மனம். முதல் மாதம் போட்டுப் பார். அழைப்பு எதைப் பற்றி அதிகம் வருகிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வை. இடமா, நேரமா, கட்டணமா என்று. கூட வருகிற கேள்விக்குரிய வரியை மேலே தூக்கு.